திரும்பி வந்த ஐந்து பார்சல்கள்: கடைச் சேர்ட்டை இணையத்தில் விற்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாங்குளத்தில் ஏ9 வீதியோரம் ஓர் உடுப்புக்கடை. கடைக்காரரின் தங்கை மகன் ஏ.எல் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த நேரத்தில், மாமாவின் சேர்ட்டுகளைப் படம் எடுத்து பேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கி விற்க ஆரம்பித்தான். முதல் மாதம் பன்னிரண்டு பார்சல் போனது. அதில் ஐந்து திரும்பி வந்தது.

மாமா என்னைக் கூப்பிட்டார். நான் கிளிநொச்சியில் ஏழு வருடமாக இதே வேலையைச் செய்கிறேன். கல்லா மேசையில் திரும்பி வந்த ஐந்து பார்சலின் வெறும் பைகளும் அடுக்கியிருந்தன. "கடையில விற்றால் மாதத்துக்கு ஒண்டு கூடத் திரும்பி வராது. இவன் விற்றால் மட்டும் ஏன் இப்பிடி வருது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த வழிகாட்டி. பெடியன் எந்த இடத்தில் சறுக்கினான், அதை எந்த ஒழுங்கில் செய்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். ஒழுங்கு முக்கியம். புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் முதலில் படம் எடுக்கிறார்கள். உண்மையில் படம் நான்காவது வேலை.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஓர் அளவு நாடா, ஒரு கொப்பி, கடையின் பெயரில் அல்லது உரிமையாளரின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, திரும்பி வரும் பொருளைத் தனியாக வைக்க ஒரு தட்டு. இவ்வளவும் போதும்.

அடுத்தது கூரியருடன் பேச்சு. பெடியன் "அனுப்ப எவ்வளவு?" என்று மட்டும் கேட்டிருந்தான். கேட்க வேண்டியவை இன்னும் மூன்று உண்டு. வாங்குபவர் பார்சலை எடுக்காவிட்டால் திருப்பிக் கொண்டுவர எவ்வளவு? எத்தனை முறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள்? வசூலித்த காசு எத்தனை நாளில் கணக்குக்கு வரும்? இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. நம் பக்கத்தில் அநேகமானோர் பொருள் கைக்கு வந்த பிறகுதான் காசு கொடுப்பார்கள். அதனால் பார்சல் போகும்போது செலவு மட்டும்தான் நடந்திருக்கும், விற்பனை இன்னும் நடக்கவில்லை. இதை விளங்கிக்கொள்ளாமல் அனுப்பியதை எல்லாம் விற்றதாகக் கணக்கெழுதுவது முதல் பிழை.

பெடியனின் கூரியர் அனுப்ப 400 ரூபாய், எடுக்காமல் விட்டால் திருப்ப 200 ரூபாய் என்று பேசியிருந்தது. உங்களுடைய கூரியர் வேறு விலை சொல்லலாம். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

2. எதைப் போடுவது

அவன் நாற்பது வகை போட்டிருந்தான். நான் அதை ஆறாகக் குறைக்கச் சொன்னேன்.

ஒரே துணி, ஒரே தையல், ஒவ்வோர் அளவிலும் குறைந்தது மூன்று நான்கு கையிருப்பு உள்ளவற்றை மட்டும் போடுங்கள். காரணம், ஒருவர் அளவு மாற்றிக் கேட்டால் கொடுக்க மற்ற அளவு கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றிக் கொடுத்து முடிக்க வேண்டியது காசு திருப்பிக் கொடுப்பதில் போய் முடியும். தனியொன்றாக மிஞ்சிக் கிடக்கும் சேர்ட் கடைக்குள் விற்கட்டும்.

3. அளவு: திரும்பி வருவதற்கு முதல் காரணம்

இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

மாமாவின் கேள்விக்கு விடை அவர் கண்ணில் இருக்கிறது. கடைக்குள் ஒருவர் வந்து "எல் சைஸ் காட்டுங்கோ" என்றால், மாமா அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார். சேர்ட்டை எடுத்து அவர் முதுகில் தோளோடு பிடித்துப் பார்ப்பார். "இது உங்களுக்கு இறுக்கும், அடுத்ததைப் போடுங்கோ" என்று வேறொன்றைக் கொடுப்பார். இருபது வருடமாக அந்தக் கண்தான் திரும்பி வருவதைத் தடுத்தது. இணையத்தில் அந்தக் கண் இல்லை. அது செய்த வேலையை இலக்கமாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெடியன் கொலரில் தைத்திருந்த 'எல்' என்ற எழுத்தை அப்படியே பக்கத்தில் போட்டுவிட்டான். நான் கடையில் இருந்த மூன்று வேறு கட்டுகளில் இருந்து மூன்று 'எல்' சேர்ட்டை எடுத்து மேசைக் கண்ணாடியில் விரிக்கச் சொன்னேன். நாடாவை வைத்து அளந்தான். முதலாவது 21 அங்குலம். இரண்டாவது 20. மூன்றாவது இருபத்திரண்டரை. மூன்றையும் அவனே இரண்டாவது தடவை அளந்து பார்த்தான், முதலாவது தடவை பிழையாக அளந்துவிட்டோமோ என்று. பிழை இல்லை. சுற்றளவாகப் பார்த்தால் 42, 40, 45. ஒரே எழுத்துக்குள் ஐந்து அங்குல வித்தியாசம். புறக்கோட்டையில் வெவ்வேறு மொத்தக் கடைகளில் எடுத்த சரக்கு என்றால் இப்படித்தான் இருக்கும், ஒவ்வொரு தையல் இடத்துக்கும் ஒவ்வொரு அச்சு.

அளக்கும் முறை இது. சேர்ட்டின் எல்லாப் பட்டன்களையும் பூட்டுங்கள். சமமான மேசையில் விரித்து, இழுக்காமல் கையால் சுருக்கத்தை மட்டும் நீவிவிடுங்கள். கமக்கட்டுத் தையலுக்கு ஓர் அங்குலம் கீழே, ஒரு பக்க விளிம்பிலிருந்து மறுபக்க விளிம்புக்கு அளந்து இரண்டால் பெருக்குங்கள். அது மார்புச் சுற்றளவு. தோளை ஒரு தையலிலிருந்து மறு தையலுக்கு அளவுங்கள். நீளத்தைப் பின்பக்கம் கொலர் தைத்த இடத்திலிருந்து கீழ் விளிம்பு வரை அளவுங்கள். மூன்று இலக்கம் போதும்.

இங்கே இன்னொரு சறுக்கல் காத்திருக்கிறது. 42 என்று எழுதியதும், தன் உடம்பு 42 என்று அறிந்தவர் அதை வாங்குவார். நாம் எழுதியது சேர்ட்டின் சுற்றளவு. சாதாரண சேர்ட்டில் உடம்புக்கும் துணிக்கும் இடையில் ஏறத்தாழ நான்கு அங்குலம் தளர்வு வேண்டும், இல்லாவிட்டால் கையைத் தூக்க ஏலாது. 42 அங்குலச் சேர்ட் 38 அங்குல மார்புக்குப் பொருந்தும். எனவே "இது சேர்ட்டின் அளவு, உடம்பின் அளவு அல்ல" என்று எழுதியே ஆக வேண்டும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: "வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு சேர்ட்டை விரித்து அளந்து, இந்த இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று சொல்வது. உடம்பை அளக்கத் தெரியாதவருக்கும் சேர்ட்டை அளக்கத் தெரியும்.

பருத்திச் சேர்ட் என்றால் ஒன்றைத் தோய்த்து உலர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். எங்கள் பெடியன் தோய்த்த சேர்ட்டில் நீளம் முக்கால் அங்குலம் குறைந்தது. அந்த முக்கால் அங்குலத்தையும் விபரத்தில் எழுதினோம். தோய்த்த அந்தச் சேர்ட்டைப் புதியதாக விற்காதீர்கள், அது இனிக் கடையின் மாதிரிச் சேர்ட்.

4. படம்

திரும்பி வந்த ஐந்தில் ஒன்று நிறத்துக்காக வந்தது. பக்கத்தில் நல்ல நீலம். பிரித்துப் பார்த்தால் மயில் கழுத்து நிறம். பெடியன் பொய் சொல்லவில்லை, கடைக்குள் ரியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்திருந்தான், போன் தன்பாட்டில் நிறத்தை மாற்றியிருந்தது.

காலை ஒன்பது பத்து மணிக்கு, விறாந்தையில், நேர் வெயில் படாத நிழலில் எடுங்கள். சேர்ட்டின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். திரையில் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் சேர்ட்டின் நிறமும் சரியாக இருக்கும். தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் இடத்தை மாற்றி மறுபடி எடுங்கள். அழகாக்கும் பில்டர் ஒன்றும் வேண்டாம்.

முன்பக்கம், பின்பக்கம், கொலர் அருகில், துணி மிக அருகில், நாடா வைத்து அளந்தபடி ஒன்று: ஐந்து படம். கடைசிப் படம் பலருக்கு வீணாகத் தெரியும். அதுதான் வாங்குபவரை வீட்டில் நாடா எடுக்க வைக்கும்.

5. விபரம் எழுதுவது

பெடியன் எழுதியிருந்தது: "சுப்பர் குவாலிட்டி, லேட்டஸ்ட் மொடல், உடனே இன்பொக்ஸ் பண்ணுங்கோ." இதில் சேர்ட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. பிறகு இப்படி மாற்றினோம்:

> ஆண்களுக்கான அரைக் கைச் சேர்ட், முழுப் பருத்தி, மெல்லிய துணி. நிறம்: பச்சை கலந்த நீலம் (மயில் கழுத்து). சேர்ட்டின் அளவு: மார்புச் சுற்று 42 அங்குலம், தோள் 18, நீளம் 29. இது சேர்ட்டின் அளவு, உடம்பின் அளவு அல்ல. முதல் தோய்ச்சலில் நீளம் ஏறத்தாழ முக்கால் அங்குலம் குறையும். பை ஒன்று, இடது பக்கம். விலை 2,450 ரூபாய், அனுப்பும் செலவு 400 ரூபாய்.

"மெல்லிய துணி" என்று எழுதினால் ஆள் வாங்கமாட்டார் என்று பெடியன் பயந்தான். தடித்த துணி தேடுகிறவர் வாங்காமல் போகட்டும். அவர் வாங்கியிருந்தால் அது எப்படியும் திரும்பி வந்திருக்கும், அனுப்பிய காசும் சேர்ந்து போயிருக்கும்.

இதில் சட்டமும் இருக்கிறது. பொருளைக் காணாமல் விபரத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த விபரத்தோடு பொருந்த வேண்டும். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. கடையில் வாங்குபவர் தொட்டுப் பார்க்கிறார். இணையத்தில் அவர் கையில் இருப்பது நீங்கள் எழுதிய வரிகள் மட்டும்.

6. திருப்பும் விதியை முதல் விற்பனைக்கு முன் எழுதுங்கள்

பெடியனிடம் விதி ஒன்றும் இருக்கவில்லை. முதலாவது ஆள் திருப்பிக் கேட்டபோது "மாமாட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்றான். மாமா, "விற்ற சாமான் திருப்பி எடுக்கிறேல்லை எண்டு சொல்லு" என்றார். அந்த ஆள் பக்கத்தின் கீழே நான்கு வரி எழுதிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு கிழமையாக ஓடர் வரவில்லை.

விதி நீளமாக இருக்கத் தேவையில்லை. யார் பிழை, யார் செலவு, எத்தனை நாள் என்ற மூன்றும் தெளிவாக இருந்தால் போதும். நாங்கள் எழுதியது:

> பார்சல் கிடைத்து 5 நாளுக்குள் சொல்ல வேண்டும். உடுக்காமல், தோய்க்காமல், சீட்டு அறுக்காமல் இருக்க வேண்டும் (அளவு பார்க்கப் போட்டுப் பார்க்கலாம்). நாங்கள் எழுதிய அளவு, நிறம், துணி பிழை என்றால், அல்லது கிழிசல் இருந்தால்: போக்குவரத்துச் செலவு முழுதும் எங்களுடையது, மாற்றியோ காசாகவோ தருவோம். நாங்கள் எழுதியது சரியாக இருந்து உங்களுக்கு வேறு அளவு வேண்டுமென்றால்: மாற்றித் தருவோம், இரண்டு வழிச் செலவும் உங்களுடையது.

"போட்டுப் பார்க்கலாம்" என்பதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. "உடுக்காமல்" என்று மட்டும் எழுதினால் நேர்மையான ஆள் போட்டே பார்க்காமல் வைத்துவிட்டு, ஆறாம் நாள் கோயிலுக்குப் போகும்போதுதான் போடுவார். அன்றைக்கு வரும் தகராறை இந்த இரண்டு சொல் தடுக்கும்.

உங்கள் பிழைக்கு வாங்குபவரைச் செலவழிக்கச் சொல்லாதீர்கள். அவர் விரும்பினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அது ஒருபுறம் இருக்க, பிழை நம்முடையது என்றால் செலவும் நம்முடையது, அவ்வளவுதான்.

7. விலைக்குள் திரும்புதலைக் கணக்கிடுதல்

முதல் மாதக் கணக்கை மாமாவின் கொப்பியிலேயே போட்டோம். சேர்ட் கொள்விலை 1,600. விற்பனை விலை 2,450. பை, சிட்டை, ரேப் எல்லாம் 50. ஆக ஒரு சேர்ட் திரும்பாமல் நின்றால் 800 ரூபாய் மிச்சம். பன்னிரண்டுக்கு 9,600 என்றுதான் மாமா நினைத்திருந்தார்.

நின்றவை ஏழு: 5,600.

மூன்று பார்சலை வாசலிலேயே எடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் போக 400, வர 200, பொதி 50. மொத்தம் 650. மூன்றுக்கும் 1,950 நட்டம்.

ஒன்று அளவு பிழைத்தது. விசுவமடுவில் ஓர் அண்ணை. "தம்பி, வயித்தடியில பட்டன் பூட்டேலாமல் கிடக்கு" என்றார். பிழை நம்முடையது, ஆகவே அவர் அனுப்ப 400, நாம் மறுபடி அனுப்ப 400, புதுப் பொதி 50. கிடைத்த 800ஐ அது விழுங்கி, மேலே 50 நட்டம்.

ஒன்று நிறம். காசு முழுதும் திருப்பிக் கொடுத்தோம். போக 400, வர 400, பொதி 50. மொத்தம் 850 நட்டம்.

5,600இலிருந்து இவற்றைக் கழித்தால் 2,750. பன்னிரண்டு பார்சலுக்கு ஒரு மாத மிச்சம் அவ்வளவுதான். மாமா கொப்பியை வாங்கி இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்.

இந்தக் கணக்கை உங்கள் இலக்கங்களோடு போட்டுப் பாருங்கள். நின்றால் 800, எடுக்காவிட்டால் 650 நட்டம் என்றிருக்கும் கடையில், பத்தில் மூன்று திரும்பினால் மிச்சம் 3,650. பத்தில் ஐந்து திரும்பினால் 750. அதற்கு மேலே போனால் கையிலிருந்து போடுவீர்கள். விலையைக் கூட்டி இதைச் சமாளிக்க நினைப்பதைவிட, திரும்புவதை ஒன்றிரண்டு குறைப்பது சுலபம்.

8. பொதி செய்யுமுன் ஒரு போன்

வாசலில் எடுக்காமல் விட்ட மூன்றுக்கும் மருந்து இதுதான். ஓடர் வந்ததும் பெடியன் உடனே கட்டி அனுப்பிவிடுவான், வேகம் நல்லது என்று நினைத்து. யாரையும் கூப்பிட்டுக் கதைத்ததில்லை.

இப்போது இப்படிக் கதைக்கிறான்: "அண்ணை, மாங்குளத்தில இருந்து கதைக்கிறன். மயில் கழுத்து நிறச் சேர்ட், நாற்பத்திரண்டு சுத்தளவு சொன்னீங்கள். வீட்டில உள்ள சேர்ட்டோட அளந்து பாத்தீங்களோ? மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது. வியாழக்கிழமை போல வரும். நீங்கள் இல்லாவிட்டால் வீட்டில ஆர் எடுப்பினம்?"

கடைசிக் கேள்வி மிகவும் உதவும். மூன்றில் ஒன்று வீட்டில் அம்மா மட்டும் இருந்தபோது போனது. அவவிடம் யாரும் சொல்லவில்லை, கையில் காசும் இல்லை, திருப்பி அனுப்பிவிட்டா. மற்றொன்று முகவரிச் சிக்கல். வன்னியில் பாதி வீடுகளுக்கு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. "வட்டக்கச்சி" என்று மட்டும் எழுதினால் கூரியர் தம்பி எங்கே போவார்? பாடசாலை, கோயில், வாய்க்கால், சந்தி என்று ஓர் அடையாளம் கேளுங்கள். இரண்டாவது போன் இலக்கமும் கேளுங்கள், சில இடங்களில் ஒரு நெட்வேர்க் எடுக்காது, மற்றது எடுக்கும்.

மூன்றாவது ஆளுக்கு மனம் மாறிவிட்டது. போன் எடுத்திருந்தால் அதையும் அவர் போனிலேயே சொல்லியிருப்பார், நமக்கு 650 ரூபாய் மிஞ்சியிருக்கும். இரண்டு நாளில் மூன்று தரம் கூப்பிட்டும் எடுக்காத ஆளுக்கு அனுப்ப வேண்டாம்.

9. பொதி செய்தல்

இது சின்ன வேலை. சேர்ட்டை மறுபடி அளந்து ஓடரோடு ஒப்பிடுங்கள். சீட்டுத் தெரியும்படி ஒரு படமும், மடித்துப் பைக்குள் வைப்பதை ஒரு சின்ன வீடியோவும் எடுத்து வையுங்கள். கிழிசல் என்று யாரும் சொன்னால் எங்கே நடந்தது என்று பார்க்க அது வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் இரண்டு பொலித்தீன் போடுங்கள். சிட்டையின் பின்பக்கம் திருப்பும் விதியை அச்சடித்து உள்ளே வையுங்கள். பேஸ்புக் பக்கத்தைப் பிறகு யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள்.

10. பார்சல் திரும்பி வந்ததும்

பெடியன் செய்த மிகப் பெரிய பிழை இங்கேதான். திரும்பி வந்த பையைப் பிரித்தான், சேர்ட்டை மடித்தான், அதே அடுக்கில் புதுச் சேர்ட்டுகளுக்கு மேலே வைத்தான்.

நான் போன அன்று அந்த அடுக்கை இறக்கிப் பார்த்தோம். நிறத்துக்காகத் திரும்பியது மேலாலேயே இருந்தது. பார்க்கப் புதிது போலத்தான். கொலரை விரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்பக்கத்தில், கழுத்து படும் மடிப்பில், மெல்லிய வெள்ளைப் பவுடர்க் கோடு. மூக்கருகில் கொண்டுபோனால் வாசனைத் தைலம். அடுத்த ஓடருக்கு அந்தச் சேர்ட் போயிருந்தால் அதுவும் திரும்பி வந்திருக்கும், "பாவிச்ச சேர்ட் அனுப்புகினம்" என்ற பெயரும் கூடவே வந்திருக்கும்.

திரும்பி வந்தது நேரே தனித் தட்டுக்குப் போக வேண்டும். வந்த அன்றே பிரியுங்கள், கூரியர் தம்பி நிற்கும்போதே பிரித்தால் இன்னும் நல்லது. பை வெட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சீட்டு, கொலரின் உள்பக்கம், கமக்கட்டு, கை விளிம்பு, பட்டன் எண்ணிக்கை. கண்ணால் பார்த்த பின் மணந்து பாருங்கள். கடைசியாக மார்பை அளவுங்கள். அனுப்பிய சேர்ட் 42, வந்தது 40 என்றால் அது உங்கள் சேர்ட்டே இல்லை.

பிறகு மூன்று வழிதான். பை பிரிபடாமல் வந்ததும், பிரித்திருந்தாலும் குறை இல்லாததும் புது அடுக்குக்குப் போகலாம். போட்ட அடையாளம் உள்ளது கடைக்குள் விலை குறைத்து, காரணம் சொல்லி விற்பனைக்கு. கிழிசல், பட்டன் இல்லாதது தையலுக்கு. பவுடர்க் கோடு விழுந்ததை மாமா 1,800 ரூபாய்க்கு, "ஒருத்தர் போட்டுப் பாத்தது" என்று சொல்லியே விற்றார். வாங்கியவருக்கு அது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை.

காசு திருப்புவதில் ஒரு கஷ்டம் உண்டு. கையில் காசு கொடுத்து வாங்கியவருக்கு நாம் திருப்பி அனுப்ப அட்டை எதுவும் இல்லை. வங்கி, கிளை, கணக்கு இலக்கம், கணக்கில் உள்ளபடி பெயர் ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். போனில் கேட்டு எழுதி ஓர் இலக்கம் பிழைத்தால் காசு வேறு கணக்குக்குப் போகும். பொருள் கைக்கு வந்து பார்த்து முடித்த அன்றே போடுங்கள், போட்ட சிட்டையின் படத்தை அனுப்புங்கள். நிறத்துக்காகத் திருப்பியவருக்குப் பெடியன் ஒன்பது நாள் கழித்துத்தான் போட்டான், கூரியர் காசு வரட்டும் என்று பார்த்துக்கொண்டு. கூரியரிடம் காசு நிற்பது நமக்கும் கூரியருக்கும் இடையிலான கதை. அதற்காக இரண்டாவது மாதம் தொடங்கும்போதே, அனுப்பும் செலவோடு மூன்று சேர்ட்டின் காசை, ஏறத்தாழ 8,500 ரூபாயை, தனியாக லாச்சியில் வைக்கச் சொன்னேன்.

11. கொப்பியில் காரணம்

கொப்பியில் ஒரு பக்கத்தில் ஐந்து நிரல்: திகதி, எந்தச் சேர்ட், ஊர், வாங்கியவர் சொன்ன சொல், நாம் கண்ட காரணம். நான்காவதையும் ஐந்தாவதையும் ஒன்றாக்காதீர்கள். "துணி சரியில்லை" என்று ஒருவர் சொல்வார், பார்த்தால் கொலர் இறுக்கமாக இருந்திருக்கும். அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே எழுதுங்கள். அதே சொல் மூன்றாவது முறை வரும்போது உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

ஒரே சேர்ட் ஒரே காரணத்துக்கு இரண்டு தரம் திரும்பினால், மூன்றாவதை அனுப்பாமல் பக்கத்தில் உள்ள விபரத்தைத் திருத்துங்கள். திருத்த ஒன்றும் இல்லை என்றால் அந்தச் சேர்ட்டை இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது மாதம் ஆறு வகை மட்டும் வைத்து பதினான்கு பார்சல் போனது. இரண்டு திரும்பியது, இரண்டும் வாசலில் எடுக்காதவை. பன்னிரண்டுக்கு 9,600, அதிலிருந்து 1,300 கழித்து 8,300. ஒன்றைக் கேட்டவர் அவசரமாகக் கொழும்புக்குப் போய்விட்டார். மற்றது மாதக் கடைசியில் போனது, வீட்டில் காசு இல்லை. அதன் பிறகு பெடியன் போனில் இன்னொரு கேள்வியும் கேட்கிறான்: "அண்ணை, இந்தக் கிழமை அனுப்பவோ, சம்பளம் எடுத்தாப் பிறகு அனுப்பவோ?"

புதுச் சரக்கு வந்தால் மாமா இப்போது கட்டை அவிழ்த்ததும் நாடாவைத் தேடுகிறார். பெடியன் இலக்கத்தைச் சொல்ல, மாமா கொப்பியில் எழுதுகிறார். மூன்றாவது மாதத்துக்கு எடுத்த கட்டில் 'எல்' 41.